மூச்சு விடும் இடம்

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் ‘பெடல் அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். துணி வெளுக்கும் கூடத்துக்கும் பழைய கட்டில்கள் போட்டு வைத்திருந்த அறைக்கும் நடுவே, பூமிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத ஆவணப் பிரிவு. மேலே டாக்டர்கள் ஒலிப்பதிவுக் கருவியில் சொல்லிவிட்டுப் போவதைக் கீழே அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்வாள். வலது காலுக்கடியில் ஒரு பெடல். மிதித்தால் டாக்டர் பேசுவார். எடுத்தால் வாயை மூடிக்கொள்வார். ஒரு ஓரத்தில் அழுத்தினால் சொன்னதையே திரும்பச் சொல்வார். “இந்த ஆஸ்பத்திரியிலேயே பெரிய டாக்டர்களைக் காலால ஆட்டி வைக்கிற ஒரே ஆள் எங்க அக்காதான்” என்று ஃபைல்காரர் சொல்லாத நாள் கிடையாது.

ஃபைல்காரர் அடுத்த மேசை. நோயாளிகளின் பழைய கோப்புகளை அடுக்கிலிருந்து எடுப்பதும் திரும்பச் செருகுவதும் அவர் வேலை. அக்காவைவிட மூன்று மாதம்தான் சின்னவர். அந்த மூன்று மாதத்தை வைத்துக்கொண்டு இருபது வருஷமாக அவளை அக்கா என்று கூப்பிட்டு வெறுப்பேற்றிக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பத்தொன்பது வயதில் அம்மா தவறிப்போனாள். அப்பா அதற்கு முன்னாலேயே இல்லை. எட்டு வயதுத் தங்கை ஒருத்தியும் தட்டச்சு பாஸ் செய்த சான்றிதழ் ஒன்றும் கையில் இருந்தன. சான்றிதழைக் காட்டி இந்த வேலையை வாங்கினாள். வேலையைக் காட்டித் தங்கையை வளர்த்தாள்.

சேர்ந்த முதல் வாரத்தில் அங்கே சொன்னது ஒன்றே ஒன்று. ஒரு விஷயம், ஒரு வாக்கியம். ராத்திரி டியூட்டிக்கு வரும் டாக்டர் ஓடிக்கொண்டே படிப்பார், சுற்றி வளைக்கக் கூடாது. அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். டாக்டர்கள் இருமிக்கொண்டும், இழுத்துக்கொண்டும், நடுவில் யாரையோ திட்டிக்கொண்டும் சொல்லுவதையெல்லாம் அவள் நறுக்கி எடுத்துவிடுவாள். ‘காய்ச்சல் இல்லை. வலி குறைந்துள்ளது. உணவு உட்கொள்கிறார். தையல் பிரிக்கப்பட்டது.’ வெண்டைக்காயை நறுக்கி வைத்தது போல எல்லாம் ஒரே அளவு. அறிக்கைக்கு அதுதான் அழகு. அவள் அடித்த அறிக்கையில் ஒரு டாக்டரும் குறை சொன்னது கிடையாது.

ஆனால் முப்பத்துமூன்று வருஷம் ஒன்றையே செய்த கை அதைவிட்டு நகருமா? லீவு லெட்டரும் அப்படித்தான் வந்தது. ஃபைல்காரர் மகள் கல்யாணத்துக்கு அவள் எழுதிய வாழ்த்து அட்டையில், ‘திருமணச் செய்தி அறிந்தேன். மகிழ்ச்சி. இருவரும் நலமாக இருக்கவும்’ என்று இருந்தது. “மாப்பிள்ளைக்கு பிரஷர் எவ்வளவுன்னு போடலையே அக்கா” என்றார் அவர்.

வீட்டில் பேச ஆள் இல்லை. ஒரு அறை, ஒரு சமையல் மூலை, துணி காயப்போட ஒரு கம்பி. சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தால் திங்கட்கிழமை காலை வரைக்கும் வாயைத் திறக்க வேலையே இருக்காது. திங்கட்கிழமை பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது முதல் வார்த்தை கரகரவென்று வரும். கண்டக்டர் ஒருமுறை, “தொண்டை கட்டிருக்கா?” என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டாள். வேறென்ன சொல்வது.

தங்கை பிரிந்து பதினோரு வருஷம். அவள் ஒரு வயர்மேனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றபோது அக்காவுக்குப் பிடிக்கவில்லை. அந்த ஆளுக்கு நிலையான வேலை இல்லை, பேச்சும் அதிகம். கல்யாணத்துக்கு முந்தின நாள், “ஆறு மாசத்துல உன்னை நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிடுவான் பாரு” என்று சொல்லிவிட்டாள். மறுநாள் டியூட்டி இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுக் கல்யாணத்துக்கும் போகவில்லை. வயர்மேன் எங்கேயும் போகவில்லை. வீடு கட்டினார், ஒரு பையன் பிறந்தான், நன்றாகத்தான் வாழ்ந்தார்கள் என்று மாமா மகள் மூலம் அவ்வப்போது காதில் விழும். தான் சொன்னது பொய்த்துப்போனதில் அக்காவுக்குச் சந்தோஷம்தான். அதைப் போய்ச் சொல்லத்தான் கால் எழவில்லை. ஒரு வருஷம் தள்ளிப்போட்டதை இரண்டாம் வருஷம் சொல்வது இன்னும் கஷ்டம். பத்தாம் வருஷம் கேட்கவே வேண்டாம்.

நாலு மாதத்துக்கு முன்னால் வயர்மேன் மாரடைப்பில் போய்விட்டார். எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் அக்காவுக்குத் தெரியும். போன் செய்தாள், தங்கை எடுக்கவில்லை. “நேர்ல வர வேண்டாம்னு சொல்லச் சொன்னா” என்றாள் மாமா மகள். அக்கா ஒரு செய்தி அனுப்பினாள்.

‘செய்தி அறிந்தேன். மிகவும் வருத்தம். தைரியமாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு. பையனைக் கவனித்துக்கொள்.’

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. ‘நன்றி.’

துக்கம் விசாரித்த பால்காரருக்கும் அதைத்தான் அனுப்பியிருப்பாள். அக்கா அந்த ஒற்றை வார்த்தையைப் பல நாள் திறந்து திறந்து பார்த்தாள். கீழே வேறு ஏதாவது வந்திருக்கிறதா என்று.

இப்போது மாமா மகள் இன்னொரு சேதி சொன்னாள். “வீட்டை வித்துட்டா. மாசக் கடைசில பையனைக் கூட்டிக்கிட்டு வெளிநாட்டுக்குப் போறா, அங்க ஏதோ வேலையாம். இந்த நம்பரையும் மாத்திடுவா.”

“புது நம்பர்?”

“எனக்கே தருவாளோ என்னவோ. உனக்குக் குடுக்கச் சொல்லலை. கோச்சுக்காத, அவ சொன்னதைச் சொல்றேன்.”

மாதக் கடைசிக்குப் பதினாலு நாள் இருந்தது.

அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போய் அக்கா ஒரு தாளை எடுத்து எழுதினாள். மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஃபைல்காரரிடம் நீட்டினாள். “கொஞ்சம் சத்தமா படிங்க. சிரிக்கக் கூடாது.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். “நான் தவறு செய்தேன். நான் உன் மனதை நோகடித்தேன். நான் கல்யாணத்துக்கு வரவில்லை. நான் உன் கணவரை மதிக்கவில்லை. நான் மிகவும் வருந்துகிறேன். நான் உன்னை நினைக்கிறேன். நான் மன்னிப்புக் கேட்கிறேன்.”

சிரிக்கவில்லை. தாளை மேசையில் வைத்தார்.

“என்ன?”

“மருந்துச் சீட்டு மாதிரி இருக்கு அக்கா. காலைல ஒன்னு, மத்தியானம் ஒன்னு, ராத்திரி ஒன்னு.”

“எல்லாம் நிஜம்தானே? ஒன்னுகூடப் பொய் இல்லையே.”

“பொய்னு யாரு சொன்னா? ஏழு வாக்கியம், ஏழும் நான் நான்னு ஆரம்பிக்குது, ஏழும் ஒரே நீளம். கல்யாணத்துக்கு வராததும் மன்னிப்புக் கேக்கிறதும் ஒரே சத்தத்துல விழுது. எது உங்களுக்கு ரொம்ப வலிக்குதுன்னு கேக்கிறவளுக்கு எப்படித் தெரியும்?”

அக்காவுக்குச் சுருக்கென்றது. டிபன் பாக்ஸை மூடிவிட்டாள்.

அந்தக் கோபத்திலேயே அடுத்த நாளும் எழுதினாள். நறுக்கக் கூடாது, அவ்வளவுதானே? ஒரு இடத்திலும் நறுக்கவில்லை. ‘அம்மா போன நாளிலிருந்து உன்னைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்து படிக்க வைத்து ஆளாக்கியும் அந்த ஒரு நாள் வாய் தவறிச் சொன்ன வார்த்தையால் உன்னை இழந்து இத்தனை வருஷமும் தனிமையில் தவித்து’ என்று தொடங்கிய வாக்கியம் பக்கத்தின் அடி வரைக்கும் போனது. ஃபைல்காரர் பாதியில் நிறுத்தி, மார்பில் கையை வைத்துக்கொண்டார்.

“அடுத்த ஸ்டாப் எங்கன்னு ஒரு போர்டாவது வைங்க. மேலே எமர்ஜென்சி வார்டுல சொல்லி ஆக்ஸிஜன் வாங்கணும் போல இருக்கு.”

“நறுக்கினாலும் குத்தம், நீட்டினாலும் குத்தம். போங்க.”

“அக்கா, அதுல பழி எல்லாம் அவ மேல போய் உக்காந்திருக்கு. உன்னை வளர்த்தேன், ஆளாக்கினேன்னு. நீளமா போகப் போக உங்களுக்கே தெரியாம வண்டி வேற ரோட்டுக்குத் திரும்பிடுச்சு.”

படித்துப் பார்த்தாள். நிஜம்தான். தாளைக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள். பன்னிரண்டு நாள் இருந்தது.

அதற்கு அடுத்த நாள் காலையில் இதய அறுவை டாக்டரின் ஒலிப்பதிவு ஒன்று வந்தது. அதிகம் பேசாதவர், வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறவர். முந்தின நாள் அறுவை மேசையில் இறந்துபோன ஒருவரின் அறிக்கை. அக்கா வழக்கம் போல நறுக்கிக்கொண்டே போனாள். ‘இதயத் துடிப்பு நின்றது. உயிர்ப்பிக்கும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. பலன் அளிக்கவில்லை. மரணம் உறுதி செய்யப்பட்டது.’ அடித்து முடித்து, சரிபார்க்கப் பெடலின் ஓரத்தை அழுத்தினாள்.

ஹெட்போனுக்குள் டாக்டர் மறுபடி சொன்னார். “துடிப்பு நின்னதும் மார்பை அழுத்த ஆரம்பிச்சோம், நான், அப்புறம் என் ஜூனியர், அப்புறம் மறுபடி நான், மருந்து குடுத்தோம், ஷாக் குடுத்தோம், நடுவுல ரெண்டு தடவை துடிப்பு வந்த மாதிரி இருந்துச்சு, விடாம நாப்பது நிமிஷம் பார்த்தோம்.” பிறகு ஒன்றும் இல்லை. எங்கேயோ தூரத்தில் ஒரு தள்ளுவண்டி போகும் சத்தம் மட்டும். பிறகு, “வரலை.”

அக்கா பெடலிலிருந்து காலை எடுத்தாள்.

மறுபடி கேட்டாள். அந்த நாற்பது நிமிஷமும் அந்த நீண்ட வாக்கியத்துக்குள் இருந்தது. ஆள் மாற்றி ஆள் அழுத்திக்கொண்டே இருந்தார்கள், வாக்கியமும் முடியாமல் ஓடிக்கொண்டே இருந்தது. அப்படி ஓடி வந்ததால்தான் அந்த ஒற்றை வார்த்தை நெஞ்சில் வந்து இடித்தது. அவள் அடித்திருந்த அறிக்கையில் நாலு வாக்கியம், நாலும் சம உயரம். அதில் மனிதர் இறந்திருந்தார். ஆனால் யாரும் அவரைக் காப்பாற்றப் பாடுபட்ட மாதிரியே இல்லை.

அறிக்கையை அவள் மாற்றவில்லை. அது அப்படித்தான் இருக்க வேண்டும், அதைப் படிப்பவருக்கு அதுவே போதும். ஆனால் மத்தியானம் ஃபைல்காரர் சாப்பிடப் போன பிறகு, வார்டிலிருந்து திரும்பி வந்த ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு, கோப்பு அடுக்குகளின் கடைசிச் சந்துக்குப் போனாள். யார் யாருடைய வியாதியோ இரண்டு பக்கமும் கூரை வரை அடுக்கியிருந்தது. அங்கே நின்றுகொண்டு, எதிரில் தங்கை இருப்பது போல நினைத்துக்கொண்டு, பேசினாள். முதலில் வாயே வரவில்லை. பேசினால் யாராவது கேட்பார்கள் என்ற பழக்கமே விட்டுப்போயிருந்தது. பத்து நிமிஷத்தில் உருப்படியாக வந்தது இரண்டு நிமிஷம்தான் இருக்கும்.

மேசைக்கு வந்து ஹெட்போனை மாட்டி, பெடலை மிதித்தாள். இத்தனை வருஷத்தில் தன் குரலை அவள் அதில் கேட்டதே இல்லை. வயதான குரலாக இருந்தது. மூச்சு வாங்கிய இடத்தில் காற்புள்ளி போட்டாள். பேச்சு நின்ற இடத்தில் முற்றுப்புள்ளி. ஓடிய இடத்தை ஓட விட்டாள்.

அப்படி அடித்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. வாய் பேசியது பாதி குப்பையாகத்தான் இருந்தது. சொன்னதையே மூன்று தடவை சொல்லியிருந்தாள். ஒவ்வொரு நாளும் மத்தியானம் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு இடத்தில், ‘ஏறலை. வரலை. சொல்லலை’ என்று மூன்று குட்டி வாக்கியங்கள் வரிசையாக விழுந்திருந்தன. பேசும்போது அழுகையோடு வந்தவை. தாளில் பார்த்தால் பழைய மருந்துச் சீட்டே எட்டிப் பார்த்தது. பின்னால் இருந்த இரண்டை எடுத்துவிட்டாள். மிஞ்சிய ஒன்றுக்கு இப்போது கனம் வந்துவிட்டது. இன்னொரு இடத்தில் நீண்ட வாக்கியத்துக்குப் பின்னாலேயே இன்னொரு நீண்ட வாக்கியம் வந்து, இரண்டும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு நின்றன. நடுவில் ஒரு சின்ன வாக்கியத்தை வைத்ததும் விலகிக்கொண்டன.

“இத்தனை பாடு எதுக்கு? பேசினதை அப்படியே வாய்ஸா அனுப்பிட்டா என்ன?” என்று கேட்டார் ஃபைல்காரர்.

“என் குரல்னு தெரிஞ்ச உடனே நிறுத்திடுவா. எழுத்துன்னா, நிறுத்தணும்னு தோண்றதுக்குள்ள கண்ணு நாலு வரி ஓடிடும்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். படிக்கட்டுமா என்று கையை நீட்டினார். இந்தத் தடவை அக்கா கொடுக்கவில்லை. தானே சத்தமாகப் படித்தாள்.

‘உன் வீட்டுக்காரர் போய் நாலு மாசம் ஆச்சு. அப்ப நான் உனக்கு அனுப்பினதை நேத்து எடுத்துப் படிச்சேன், நேரத்துக்குச் சாப்பிடு, தைரியமா இருன்னு, யாரோ எதிர் வீட்டுக்காரி எழுதின மாதிரி இருந்துச்சு. நீ நன்றின்னு போட்டே. சரிதான்.

அவர் உன்னை ஆறு மாசத்துல விட்டுட்டுப் போயிடுவார்னு நான் சொன்னேன். பதினோரு வருஷம் அவர் உன்னை எப்படி வச்சிருந்தார்னு ஒவ்வொரு தடவையும் யாராவது வந்து சொல்லும்போது, உடனே கிளம்பிப் போய் அவர் முன்னாடி நின்னு நான் சொன்னது தப்புன்னு சொல்லிடணும்னு நினைப்பேன், செருப்பைக்கூட மாட்டுவேன், உன் வீட்டு வழியா போற பஸ்ஸும் என் கண் முன்னாடியே வந்து நின்னுட்டுப் போகும். ஏறலை. இனி அவர்கிட்டச் சொல்ல முடியாது, அதனால உன்கிட்டச் சொல்றேன்.

சின்ன வயசுல இடி இடிச்சா நீ எழுந்து என் போர்வைக்குள்ள வந்து, உன் காதைப் பொத்திக்க மாட்டே, உன் ரெண்டு கையாலயும் என் காதை இறுக்கிப் பொத்துவே, அக்கா பயந்துடக் கூடாதுன்னு. எட்டு வயசு உனக்கு. அவர் போன அன்னிக்கு உன் பக்கத்துல யார் இருந்தாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் இல்லை, அது மட்டும் தெரியும்.

மன்னிச்சிடுன்னு கேக்கிற இடத்துல நான் இல்லை. போற இடத்துல நீயும் பையனும் நல்லா இருக்கணும், அதை எனக்குச் சொல்லணும்னுகூட இல்லை, இருந்தா போதும்.’

ஃபைல்காரர் எழுந்து போய் ஒரு கோப்பை அடுக்கில் செருகினார். அது அங்கே இருக்க வேண்டிய கோப்பே இல்லை.

“அனுப்புங்க” என்றார், திரும்பாமல்.

அனுப்பினாள். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. மறுநாள் தங்கை படித்துவிட்டதற்கான அடையாளம் தெரிந்தது. அவ்வளவுதான். மூன்று நாள் அவள் டாக்டர்களை ஓட்டினாள், நிறுத்தினாள், காய்ச்சல் இல்லை என்றும் வலி குறைந்துள்ளது என்றும் அடித்தாள். ஃபைல்காரர் ஒரு கிண்டலும் செய்யாமல் இருந்தது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. சனிக்கிழமை வீட்டுக்குப் போனாள். மாதம் முடிய இரண்டு நாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, துணியை உதறிக் கம்பியில் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். திரை நிறைய எழுத்து. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

முழுக்க முழுக்கத் திட்டு. முற்றுப்புள்ளி ஒன்றுகூட இல்லை. நீ என்ன பெரிய இவளா உன் பஸ்ஸும் உன் செருப்பும் யாருக்கு வேணும் அவர் ஒவ்வொரு வருஷமும் அக்காவைப் போய்க் கூட்டிட்டு வரட்டுமா கூட்டிட்டு வரட்டுமான்னு கேட்டுக்கிட்டே இருந்தார் நான்தான் வேண்டாம்னு தடுத்தேன் நீயா வரணும்னு நானும் அழுத்தமா இருந்தேன் கடைசில அந்த மனுஷன் உன் முகம்கூடச் சரியாத் தெரியாமலே போயிட்டார் என்று அது போய்க்கொண்டே இருந்தது.

அக்கா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். முதலிலிருந்து, வாய்விட்டுப் படித்தாள். தங்கை எங்கே மூச்சு வாங்கியிருப்பாள், எங்கே குரல் உடைந்திருக்கும், எங்கே மூக்கைச் சிந்திவிட்டு விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கியிருப்பாள் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த இடங்களிலெல்லாம் தானும் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். பதினோரு வருஷத்தில் அந்த வீட்டுக்குள் இரண்டு பேர் பேசிக்கொள்ளும் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான். இரண்டுமே அவள் குரல்தான் என்றாலும்.

வீட்டுக்கு வா என்று அதில் எங்கேயும் இல்லை. மன்னித்துவிட்டேன் என்றும் இல்லை. கடைசியில் ஒரு எண் இருந்தது, அக்கா பார்த்திராத நீளத்தில், முன்னால் வேறு ஒரு நாட்டின் குறியோடு. அதற்குக் கீழே மட்டும், அத்தனை எழுத்திலும் முதன்முறையாக, தங்கை புள்ளி வைத்திருந்தாள்.

‘கூப்பிடாதே. எழுது.’